தடித்த செயின் போட்டால் நடுக்கம் நிற்குமா?

கேள்வி: ஐயா, பெகுவுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அரிசி ஆலை. நெல் ஏற்றும் வாளி எலிவேட்டரின் உச்சியில் 2 குதிரைத்திறன் கியர் மோட்டார், நிமிடத்துக்கு 100 சுற்று. மோட்டாரில் 10 பல், எலிவேட்டர் ஷாஃப்டில் 20 பல், 80-ஆம் நம்பர் செயின், 73 லிங்க். இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே 735 மி.மீ. ஓட ஆரம்பித்தால் மேடையே கிடுகிடுவென்று நடுங்குகிறது. இந்த சீசனில் செயின் இரண்டு முறை அறுந்துவிட்டது, இரண்டு முறையும் ஆஃப் லிங்க்கில்தான். கடைக்காரர் “100-ஆம் நம்பர் போடுங்கள், ஜென்மத்துக்கும் அறுந்துபோகாது” என்கிறார். செயின் கவருக்குள் 300 மி.மீ. வரை இடம் இருக்கிறது. 100 போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நான் சொல்லப்போவது கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிர். 80-ஐக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்னதான 60-ஆம் நம்பர் போடுங்கள். மோட்டாரில் 21 பல், எலிவேட்டரில் 42 பல். தடித்ததே அறுந்துபோகும்போது மெலிந்தது எப்படித் தாங்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டே காட்டுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் மேடை ஏன் நடுங்குகிறது என்று பார்த்துவிடலாம்.

செயின் நம்பரில் கடைசிச் சுழியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பிட்ச், அதாவது ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை உள்ள தூரம், ஓர் அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 80 என்றால் எட்டில் எட்டு, முழு அங்குலம், 25.4 மி.மீ. 60 என்றால் எட்டில் ஆறு, முக்கால் அங்குலம், 19.05 மி.மீ. 100 என்றால் ஒன்றேகால் அங்குலம், 31.75 மி.மீ. பிட்ச் கூடினால் அதோடு சேர்ந்து ரோலர், பின், பட்டை எல்லாமே தடிக்கும், இழுப்பைத் தாங்கும் பலமும் கூடும். கடைக்காரர் கணக்கு இந்த இடம் வரைக்கும் சரிதான். அவர் செயினைக் கையில் தூக்கிப் பார்த்துப் பேசுகிறார். அது எந்தச் சக்கரத்தைச் சுற்றப்போகிறது என்று பார்க்கவில்லை.

உங்கள் மோட்டாரில் இருக்கும் 10 பல் சக்கரத்தின் பிட்ச் வட்டம் 82 மி.மீ. விட்டம். அதே அளவு வட்டத்தில் 100-ஆம் நம்பருக்குப் பல் வெட்டினால் 8 பல்தான் விழும். இல்லை, 10 பல்லையே வைத்துக்கொண்டு சக்கரத்தைப் பெரிதாக்கலாம் என்றால், இப்போதுள்ள கோளாறு அப்படியே இருக்கும், கூடவே செயினின் எடையும் ஏறும். சாமான் பெரிதானது ஒன்றுதான் மிச்சம்.

நானும் இதைச் செய்து சூடு பட்டவன். மௌல்மீன் பக்கம் ஒரு மர ஆலையில் தடி தள்ளும் கன்வேயரின் செயின் அடிக்கடி தேய்ந்தது. இடம் குறுகல், அதனால் 12 பல் இருந்த இடத்தில் தடித்த செயினுக்கு 9 பல் சக்கரம் மாட்டினேன். ஒரு வாரம் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவது வாரம் பேரிங் போல்ட்டுகள் தானாகக் கழன்றுகொண்டன. இறுக்க இறுக்கக் கழன்றன. கோளாறு போல்ட்டில் இல்லை, நான் மாட்டிய சக்கரத்தில்தான் என்று புரிவதற்கு ஒரு மாதம் ஆனது.

அது என்ன கோளாறு? ஓர் ஆறு பட்டைப் பென்சிலை எடுத்து, அதன்மேல் ஒரு ஸ்கேலை வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஸ்கேல் ஏறி ஏறி இறங்கும். மூலை மேலே வரும்போது உயரும், பட்டை மேலே வரும்போது தாழும். வட்டப் பேனாவை உருட்டினால் அப்படி ஆகாது. கப்பியைச் சுற்றும் பெல்ட் வட்டத்தோடு வளைந்துபோகும், அது பேனா. செயினின் ஒவ்வொரு லிங்க்கும் விறைப்பான நேர்க்கோடு, அது வளையாது. இரண்டு ரோலர்கள் இரண்டு பற்பள்ளங்களில் உட்கார்ந்தால், நடுவே உள்ள லிங்க் வட்டத்தின் நாண் போல நேராகத்தான் கிடக்கும். ஆக, செயினைப் பொறுத்தவரை உங்கள் 10 பல் சக்கரம் வட்டமே இல்லை, பத்து மூலை உள்ள பட்டைச் சக்கரம். இதைத்தான் நாண் விளைவு என்கிறோம்.

இனி அந்தப் பட்டைச் சக்கரம் சுழல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இழுக்கும் பக்கத்துச் செயின் மேல்பக்கமாக வருகிறது என்று வையுங்கள். ஒரு ரோலர் சரியாக உச்சிக்கு வரும் நொடியில் செயின் மையத்திலிருந்து 41.1 மி.மீ. தள்ளி நிற்கிறது. சக்கரம் இன்னும் 18 டிகிரி திரும்பினால் மூலை விலகிப் பட்டை மேலே வந்துவிடும், அப்போது செயின் 39.1 மி.மீ.க்கு இறங்கிவிடும். மோட்டார் ஒரே சீராக 100 சுற்றில்தான் ஓடுகிறது, ஆனால் மையத்திலிருந்து தள்ளி இருக்கும்போது அதே சுழற்சி செயினை வேகமாக இழுக்கும், நெருங்கி இருக்கும்போது மெதுவாக இழுக்கும். கணக்குப்படி நொடிக்கு 430 மி.மீ. வேகத்துக்கும் 409 மி.மீ. வேகத்துக்கும் நடுவே செயின் ஊசலாடுகிறது. சுற்றுக்குப் பத்து முறை, நொடிக்குப் பதினேழு முறை. எலிவேட்டர் ஷாஃப்டில் சுற்றுமானி வைத்துப் பார்த்தால் சரியாக 50 காட்டும். காரணம், ஒரு சுற்றுக்குப் பத்து லிங்க் போவது மாறவே மாறாது, சராசரி எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் பல பேர் “வேகம் சரியாக இருக்கிறதே” என்று சொல்லிவிட்டு ஃபவுண்டேஷனைக் குடைகிறார்கள்.

மோட்டார் சக்கரம் சீராகச் சுழலும்போது செயின் வேகம் எத்தனை சதவீதம் ஏறி இறங்கும் என்பது பல் எண்ணிக்கையை மட்டும் பொறுத்தது. சூத்திரம் சின்னதுதான், N என்பது பல் எண்ணிக்கை:

```
1 - cos(180° / N)
```

கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 8 பல்லுக்கு 7.6 சதவீதம். உங்கள் 10 பல்லுக்கு 4.9. 13-க்கு 2.9, 17-க்கு 1.7, 21-க்கு 1.1, 25-க்கு 0.8. பல் இரண்டு மடங்கானால் ஆட்டம் பாதியாகவில்லை, ஏறக்குறைய நாலில் ஒன்றாகிறது. 25-க்கு மேல் போனால் செலவுதான் கூடும், ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. சின்னச் சக்கரத்துக்கு 17 பல்லுக்குக் கீழே போகாதே என்று பழைய ஃபிட்டர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். கையால் சுற்றும் செயின் பிளாக்கில் அஞ்சாறு பல் இருந்தாலும் யாருக்கும் கவலை இல்லை, மனிதக் கை அவ்வளவு மெதுவாக இழுக்கிறது. நாள் முழுக்க ஓடும் எலிவேட்டருக்கு அது ஒத்துவராது.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், உங்கள் மெஷினிலேயே பார்த்துவிடுங்கள். மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எலிவேட்டர் வாளிகளில் நெல் இருக்கக் கூடாது, இருந்தால் அது பின்னோக்கிச் சுழன்று கையைப் பிடித்துவிடும். கவரைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஃபேனைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். இழுக்கும் பக்கத்துச் செயின் சின்னச் சக்கரத்தில் ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திவைத்துப் பாருங்கள். சின்னச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் செயின் பத்து முறை 2 மி.மீ. ஏறி இறங்கினால் அது நாண் விளைவு. ஒரே ஒரு முறை மட்டும் ஏறி இறங்கினால் கதை வேறு: சக்கரத்தின் துளை மையம் தவறியிருக்கிறது, அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அதற்குப் பல் கூட்டிப் பயனில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், அதனால் பொறுமையாக எண்ணுங்கள்.

மேடை நடுங்குவதற்கு இந்த 2 மி.மீ. போதுமா என்று கேட்கலாம். மேடையில் மோட்டாரும் கியர்பாக்ஸும் உட்கார்ந்திருக்கின்றன, கீழே நெல் வாளிகளோடு நீளமான பெல்ட் தொங்குகிறது. நொடிக்குப் பதினேழு முறை அதை ஒரு இழு இழுத்து, ஒரு விடு விட்டால் ஆங்கிள் இரும்பு மேடை அதற்கு ஒத்து ஆடத் தொடங்கிவிடும். அது மட்டுமில்லை, ஒவ்வொரு ரோலரும் பல்லில் வந்து உட்காரும்போது நழுவி இறங்காமல் மோதித்தான் உட்காருகிறது, செயின் போடும் சத்தம் அதுதான். பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு பலமாக மோதும். தேய்மானமும் இதிலிருந்தே வருகிறது. 10 பல் சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு லிங்க்கும் பக்கத்து லிங்க்கோடு 36 டிகிரி மடிய வேண்டும், பளுவோடு பின் புஷ்ஷுக்குள் அவ்வளவு தூரம் உரசித் திரும்பும். 21 பல்லில் 17 டிகிரிதான். செயின் நீள்கிறது என்று சொல்கிறோமே, இரும்பு நீள்வதில்லை, இந்த உரசலில் பின்னும் புஷ்ஷும் தேய்ந்துதான் பிட்ச் கூடுகிறது.

சரி, பலத்துக்கு வருவோம். மனதில் உறுத்திக்கொண்டிருப்பது இதுதானே. 2 குதிரைத்திறன் மோட்டார், வாளி எலிவேட்டரில் நெல் ஒரே சீராக விழாது, அதற்காக 1.3 மடங்கு கூட்டி 2.6 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். செயின் கேட்டலாக் கணக்குப்படி 80-ஆம் நம்பர் 10 பல்லில் 100 சுற்றில் சுமார் 3 குதிரைத்திறன் தாங்கும். 60-ஆம் நம்பர் 21 பல்லில் அதே சுற்றில் 2.9. இரண்டும் 2.6-க்கு மேலே, ஏறக்குறைய ஒரே அளவு. மெலிந்த செயின் எப்படித் தடித்ததற்குச் சமமாக நிற்கிறது?

ஒரு சுற்றுக்கு எவ்வளவு செயின் ஓடுகிறது என்று பாருங்கள். 80-இல் பத்து லிங்க், ஒவ்வொன்றும் 25.4, மொத்தம் 254 மி.மீ. 60-இல் இருபத்தொரு லிங்க், ஒவ்வொன்றும் 19.05, மொத்தம் 400 மி.மீ. அதே திறனைக் கொண்டுபோகச் செயின் வேகமாக ஓடினால் குறைவாக இழுத்தால் போதும். இப்போது உங்கள் செயின் சுமார் 360 கிலோ இழுப்பில் ஓடுகிறது. 21 பல் போட்டதும் அது 230 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். புது நிலையில் 80 அறுவதற்குக் குறைந்தது 5.6 டன் இழுவை வேண்டும், 60-க்கு 3.2 டன். இழுப்போடு ஒப்பிட்டால் அங்கே 16 மடங்கு கையிருப்பு, இங்கே 14 மடங்கு. பலத்தில் விட்டுக்கொடுத்தது இவ்வளவுதான். பேரிங்குகளைச் செயின் பக்கவாட்டில் இழுப்பதும் இதே கணக்கில் குறையும், அது இலவச லாபம்.

இப்போது ஒரு கேள்வி மிஞ்சும். 16 மடங்கு கையிருப்பு உள்ள செயின் ஏன் இரண்டு முறை அறுந்தது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: ஆஃப் லிங்க். 73 ஒற்றைப்படை. செயினில் உள்பட்டை, வெளிப்பட்டை என்று மாறி மாறித்தான் வரும், அதனால் ஒற்றைப்படையில் வளையத்தை மூட வேண்டுமென்றால் ஒரு பக்கம் உள்பட்டையாகவும் மறுபக்கம் வெளிப்பட்டையாகவும் மடக்கிய லிங்க் ஒன்று வேண்டும். மடக்கிய பட்டை நேராக இழுபடாது, ஒவ்வொரு இழுப்பிலும் அந்த மடிப்பு நிமிரப் பார்க்கும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிவது மாதிரி அது களைத்துப் போகும். நொடிக்குப் பதினேழு ஆட்டம், நாளுக்கு எத்தனை லட்சம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அறுந்த துண்டைத் தூக்கிப் போடவில்லை என்றால் முறிந்த முகத்தைக் கவனியுங்கள். ஒரு பகுதி வழவழப்பாகவும் மீதி சொரசொரப்பாகவும் இருந்தால், வழவழப்பான பகுதி பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த விரிசல், மீதிதான் அன்றைக்கு அறுந்தது. அதிகப் பளுவில் ஒரே இழுப்பில் அறுந்திருந்தால் இப்படி இரண்டு விதமாக இருக்காது.

அதனால் புதுச் செயினை இரட்டைப்படையில் வாங்குங்கள். 735 மி.மீ. இடைவெளிக்கு 21, 42 பல்லுக்குக் கணக்குப் போட்டால் 109 லிங்க் வருகிறது. 110 வாங்கிக்கொண்டு மோட்டாரை 10 மி.மீ. பின்னுக்குத் தள்ளி 745-இல் நிறுத்துங்கள். மோட்டார் அடியில் நீள்துளை இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தினால் ஆயிற்று, இல்லாவிட்டால் வெல்டரைக் கூப்பிட்டுத் துளையை நீட்டுங்கள். ஆஃப் லிங்க்கை மறுபடி வைப்பதைவிட அது மலிவு. 21-க்கும் 110-க்கும் பொதுவாக வகுக்கும் எண் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை என்பதால் ஒரே ரோலர் ஒரே பல்லில் திரும்பத் திரும்ப மோதாது, எல்லாப் பல்லும் சேர்ந்து தேயும். பெரிய சக்கரம் செயினோடு சேர்த்து சுமார் 273 மி.மீ. வரும், உங்கள் கவருக்குள் அடங்கிவிடும்.

ரங்கூன் கடைகளில் 60-ஐக் கேட்டால் சில சமயம் 12பி என்ற வேறு ரகச் செயினை எடுத்துத் தருவார்கள். பிட்ச் இரண்டுக்கும் ஒன்றுதான், மேலே வைத்தால் பொருந்துவது போலவே தோன்றும். ஆனால் ரோலர் தடிமனும் உள் அகலமும் கொஞ்சம் வேறு. செயின் ஒன்று, சக்கரம் ஒன்று என்று கலந்துவிட்டால் பல் வேகமாகத் தேயும். இரண்டு சக்கரமும் செயினும் ஒரே கணக்கில், ஒரே நேரத்தில் வாங்குங்கள். பட்டையில் அடித்திருக்கும் நம்பரை நீங்களே படித்துப் பாருங்கள்.

திஞ்சான் புத்தாண்டு விடுமுறையில் ஆலை எப்படியும் நிற்கும், அப்போது மாற்றிவிடலாம். மாட்டும்போது இரண்டு சக்கரத்தின் முகத்திலும் ஒரு நேரான இரும்புப் பட்டையைச் சாய்த்து வைத்துப் பாருங்கள், நாலு இடத்திலும் தொட வேண்டும். தளர்ந்த பக்கத்தின் நடுவில் கையால் தூக்கி இறக்கினால் மொத்தம் 30 மி.மீ. அளவுக்கு ஆட்டம் இருக்கட்டும், வீணைக் கம்பி மாதிரி முறுக்காதீர்கள். இணைப்பு லிங்க்கின் ஸ்பிரிங் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் ஏதாவது தட்டி ஒருநாள் கழன்றுவிடும். கிரீஸ் வேண்டாம். ஆலையில் தவிட்டுத் தூசி பறக்கிறது, கிரீஸோடு சேர்ந்தால் மாவாகப் பிசைந்து அப்பிக்கொள்ளும், பின்னுக்குள் எண்ணெய் இறங்காது. மெல்லிய மெஷின் எண்ணெயைப் பட்டைகளுக்கு இடையில் உள்ள சந்தில் விடுங்கள், ரோலரின் வெளிமுகத்தில் ஊற்றுவது கீழே வழியத்தான்.

அப்புறம் மாதம் ஒரு முறை 16 லிங்க்கை இழுத்துப் பிடித்து அளந்து எழுதிவையுங்கள். புதிதில் சரியாக ஓர் அடி, 304.8 மி.மீ. 314-ஐத் தொட்டால் செயினை மாற்றிவிடுங்கள். அதற்குள் பல்லின் முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல ஆகியிருந்தால் சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரமே 314-க்கு வந்துவிடும்.